கோச்சிங் கட்டணத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன்

ஆசிரியருக்கு,

கோச்சிங் வகுப்புகளின் கட்டணங்களை ஒப்பிட்டு நீங்கள் போட்ட கட்டுரையைப் படித்தேன். மொத்தத் தொகையை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள், அது போதாது. மகளுக்காக இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டு நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

முதல் இடத்தில் பத்து மாதத்துக்கு 60,000, மொத்தம் 400 மணி நேரம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் 48,000, ஆனால் 240 மணி நேரம்தான். மேலோட்டமாகப் பார்த்தால் முதல் இடம்தான் லாபம், மணிக்கு 150, மற்றதில் 200. சரி, வாராந்தர அட்டவணையைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்து எண்ணினால், அந்த 400-இல் 100 மணி நேரம் தேர்வு எழுதுவதற்கு, 60 மணி நேரம் பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து படிப்பதற்கு! ஆசிரியர் நின்று பாடம் நடத்துவது 240 மணி நேரம், ஆக மணிக்கு 250. இரண்டாவது இடத்திலும் தேர்வைக் கழித்தால் 200 மணி நேரம்தான் வருகிறது, புத்தகத்துக்குத் தனியாக 5,000 வேறு, அதையும் சேர்த்தால் மணிக்கு 265. முதல் இடத்தில் புத்தகமும் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். பெரிய வித்தியாசமே இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? நான் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தைப் பார்த்தேன். முதல் இடத்தில் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும், திருப்பித் தர மாட்டார்கள். இரண்டாவது இடத்தில் நான்கு தவணை, நடுவில் நின்றால் மீதித் தவணை கட்ட வேண்டாம். இரண்டே மாதத்தில் பிள்ளைக்குப் பிடிக்காமல் நின்றுவிட்டால்? முதல் இடத்தில் 48 மணி நேரப் பாடத்துக்கு 60,000 போய்விடும், மணிக்கு 1,250. இரண்டாவதில் ஒரு தவணையும் புத்தகப் பணமுமாக 17,000, நடந்த பாடம் 40 மணி நேரம், மணிக்கு 425. நஷ்டம்தான், ஆனாலும் தாங்கலாம்.

பேட்ச் அளவை விசாரிக்கும்போது 'இப்போது எத்தனை பேர்' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சென்ற ஆண்டு என் மகள் வேறோர் இடத்தில் 30 பேர் இருந்த பேட்ச்சில் சேர்ந்தாள், மூன்றாவது மாதம் ஓர் ஆசிரியர் விலகியதும் இரண்டு பேட்ச்சை ஒன்றாக்கி 55 பேரை உட்காரவைத்துவிட்டார்கள், அப்புறம் சந்தேகம் கேட்க அவளுக்கு முறையே வரவில்லை. கேட்டால், படிவத்தில் எண்ணிக்கை எதுவும் போடவில்லையே என்றார்கள், உண்மையிலேயே போடவில்லை. இந்த முறை பேட்ச்சில் அதிகபட்சம் எத்தனை பேர், அதைத் தாண்டினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்று இரண்டு இடத்திலும் எழுதிக் கேட்டேன். இரண்டாவது இடம் 20 என்று ரசீதிலேயே எழுதித் தந்தது. முதல் இடத்திலிருந்து பதிலே இல்லை, சலுகை நாளையோடு முடிகிறது என்று மட்டும் மூன்று முறை போன் வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்