ஆர்டர் கொடுத்தவருக்கு இல்லாத பொறுப்பு, வண்டி கொடுத்த அப்பனுக்கு

பெறுநர்: தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் 29 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என் மகன் உணவு டெலிவரி செய்பவன். செய்தவன் என்று சொல்வதுதான் சரி. விபத்து நடந்த மூன்றாம் நாள் அவன் ஐடியை முடக்கிவிட்டார்கள்.

ஆப் வழியாக வேலை பார்ப்பவர் தொழிலாளியா, சுயேச்சையான ஒப்பந்தக்காரரா என்ற விவாதம் உங்கள் துறைக்குப் பழையது. சங்கங்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். நானும் அதைத் திரும்ப எழுத வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டதால் என் வீட்டுக் கதவில் என்ன ஒட்டப்பட்டது என்பதைச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கை வைக்க வந்திருக்கிறேன்.

2023ல் ஓர் இரவு ஒன்பதே முக்கால் மணி. பிரியாணிப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்த என் மகன், சாலையைக் கடந்த ஒரு பூக்காரம்மா மீது மோதிவிட்டான். அவருக்கு வயது 63. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. இன்றும் கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது. தவறு என் மகனுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்குக் கிடைத்த இழப்பீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அந்த ஆர்டருக்கு அவனுக்குப் பேசிய கூலி 32 ரூபாய். போய்ச் சேராத பிரியாணிக்கு 289 ரூபாயை அவன் கணக்கிலேயே கழித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

பூக்காரம்மா மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். வழக்கம்போல எதிர்மனுதாரர்கள் இருவர்: வண்டியின் உரிமையாளரும் இன்சூரன்ஸ் நிறுவனமும். வண்டியின் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நான் வாங்கிய வண்டி அது. மகனுக்கு வேலை கிடைத்ததும் சாவியைக் கொடுத்தேன். அந்த வழக்கில் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இன்சூரன்ஸ்காரர்கள் பாலிசியில் ஒரு வரியை எடுத்துக் காட்டினார்கள். இது தனிநபர் இருசக்கர வாகனப் பாலிசி, கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டினாலும் சரக்கு ஏற்றினாலும் செல்லாது என்று எழுதியிருக்கிறது. நல்லி எலும்போடு ஒரு பிரியாணிப் பொட்டலம் சட்டப்படி சரக்கு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளை போர்டு வண்டியில் டெலிவரி செய்யும் எல்லாப் பையன்கள் தலையிலும் இந்த வரி தொங்குகிறது. வேலையில் சேரும்போது ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்து ஏற்றச் சொன்னதே அந்த ஆப்தான். பாலிசி எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதான் முதல் ஆர்டரைக் கொடுத்தார்கள்.

வக்கீல் யோசனைப்படி, அந்த நிறுவனத்தையும் வழக்கில் சேர்க்க மனுப் போட்டேன். அவர்கள் தாக்கல் செய்த பதில் மனுவின் சாரத்தை மூன்று வரியில் சொல்லிவிடலாம். இவர் எங்கள் ஊழியர் அல்ல, சுயேச்சையான டெலிவரி பார்ட்னர். நாங்கள் வெறும் இணைப்புத் தளம். ஆப்பில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தி அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். பார்ட்னர் என்றால் தமிழில் பங்காளி. எங்கள் ஊரில் பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு, சண்டை போடும் உரிமையும் உண்டு. இந்தப் பங்காளிக்கு மட்டும் 289 ரூபாய் நஷ்டத்தில்தான் பங்கு.

முதலாளி – தொழிலாளி உறவு நிரூபிக்கப்படவில்லை என்று என் மனு தள்ளுபடியானது. இழப்பீடு 6,40,000 ரூபாய், 7.5 சதவீத வட்டி. இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பூக்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது, நல்ல வழிதான். ஆனால் வசூலிக்கத் தனி வழக்குப் போட வேண்டியதில்லை, நிறைவேற்று மனு போதும் என்றும் 2004ல் சொல்லிவிட்டது. அந்த மனுதான் என் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. வட்டியோடு 7,36,000 ரூபாய் கட்ட வேண்டும், தவறினால் 600 சதுர அடியில் நான் கட்டிய வீடு ஜப்தி.

ஜப்தி எனக்குப் புதிதில்லை அய்யா. 1996ல் நான் ஓட்டிய பேருந்தில் சைக்கிளில் வந்த ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், விசாரணை நடத்தினார்கள், ஓர் ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அது எனக்குச் சேர வேண்டிய தண்டனை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது கழகம். கொடுக்கத் தாமதித்தபோது அமீனா டெப்போவுக்கு வந்து பேருந்தில் நோட்டீஸ் ஒட்டி ஜப்தி செய்தார். பணம் கட்டி வண்டியை மீட்டார்கள். இந்தச் செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். ஓட்டுநர் வீட்டை ஜப்தி செய்ததாக எப்போதாவது படித்ததுண்டா? வேலை வாங்கியவர் தன் வேலைக்காகச் சாலைக்கு அனுப்பிய ஆள் செய்த தவறுக்குப் பொறுப்பு ஏற்பார் என்பது ஊருக்கே தெரிந்த நியாயம்.

அந்த நியாயம் ஆப்புக்கு மட்டும் ஏன் பொருந்தாது? ஊழியர் என்றால் சீருடையும் மாதச் சம்பளமும் வருகைப் பதிவேடும் வேண்டுமாம். 1973ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தையற்கடை வழக்கு வந்தது. அந்தத் தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வரும் நேரம், போகும் நேரம் கட்டாயமில்லை. வேறு கடைக்கும் தைக்கலாம். சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தார்கள். அப்படியும் அவர்கள் ஊழியர்களே என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, தைத்தது சரியில்லை என்றால் நிராகரித்துப் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது என்பது. என் மகன் விஷயத்தில் நிராகரிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எத்தனை நிமிடத்தில், எவ்வளவு கூலிக்கு என்று எல்லாம் ஆப் சொன்னது. இரண்டு ஆர்டரை மறுத்தால் அன்றைய இன்சென்டிவ் போகும். வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைத்தால் ஐடி போகும். பொட்டலம் போய்ச் சேராவிட்டால் 289 ரூபாய் போகும். முதலாளி அல்லாத ஒருவர் அபராதம் மட்டும் எப்படிப் பிடிக்கிறார் என்று தீர்ப்பாயத்தில் கேட்க என் வக்கீலுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது.

கேப் ஓட்டுநர்கள் விஷயமும் இதே இழுபறிதான். பயணி ஒருவர் கொடுத்த பாலியல் தொந்தரவுப் புகாரில், ஓட்டுநரை ஊழியராகவே கருத வேண்டும், நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பளித்தார். சில நாட்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. ஒவ்வொரு வழக்கிலும் ஒவ்வொரு ஏழையும் உச்ச நீதிமன்றம்வரை போய் இதை நிரூபிக்க வேண்டும் என்றால், பதில் எப்போதும் நிறுவனத்துக்குச் சாதகமாகத்தான் வரும்.

என் கோரிக்கை இதுதான்: ஆர்டரை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும்வரை நேரும் விபத்தில், ஒப்பந்தத்தில் அவரை எந்தப் பெயரால் அழைத்திருந்தாலும், இழப்பீட்டுக்கு அந்த நிறுவனமும் பொறுப்பு என்று தமிழ்நாடு சட்டம் இயற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஊழியராக்குங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பல பையன்கள் இரண்டு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், நினைத்தபோது அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தச் சுதந்திரம் என் மகனுக்கும் பிடித்திருந்தது. வருங்கால வைப்பு நிதி வேண்டுமா, போனஸ் உண்டா என்பதைப் பெரியவர்கள் நிதானமாகப் பேசுங்கள். விபத்துக்குப் பொறுப்பு என்பது தனிக் கேள்வி. இரண்டு ஆப் திறந்திருந்தால் எந்த நிறுவனம் பொறுப்பு என்று கேட்பார்கள். பையில் யாருடைய பொட்டலம் இருக்கிறதோ அவர்தான். ஒரு ஆர்டருக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்கும்போது நடந்தால் என்ன என்பது சிக்கலான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதைக் காட்டி, சிக்கலே இல்லாத நேரத்துக்கும் கைவிரிக்க வேண்டாம்.

மத்திய அரசைப் பார்க்கச் சொல்வீர்கள். பார்த்தாயிற்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் 'அக்ரிகேட்டர்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பயணியை ஓட்டுநரோடு இணைப்பவர் என்பதுதான் அதற்கு விளக்கம். பயணி வேண்டுமாம், பிரியாணி பயணி ஆகாது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ கிக் தொழிலாளி என்றாலே முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்று வரையறுத்து, நிறுவனத்து வக்கீலின் வேலையைப் பாதி முடித்துக் கொடுத்துவிட்டது. நிறுவனங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது, சரி. பூக்காரம்மாவின் இடுப்புக்கு அந்த நிதியிலிருந்து ஒரு காசு வராது. என் வீட்டையும் அது மீட்காது.

நம் மாநிலம் 2023ல் நல வாரியம் அமைத்தது. சென்னையில் ஏசி ஓய்வறைகூடக் கட்டியிருக்கிறார்கள். என் மகன் ஒருமுறை போய்விட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றான். சம்மனை வெயிலில் நின்று படிக்காமல் குளுகுளுவென்று உட்கார்ந்து படிக்கலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் 2023லும் கர்நாடகம் 2025லும் இந்தத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டன. அவை பெரும்பாலும் நல நிதியைப் பற்றியவை. நாம் போடும்போது இந்த ஒரு பிரிவைச் சேருங்கள்: ஆர்டர் பையில் இருக்கும்வரை நிறுவனமும் பொறுப்பு. கூடவே, தனிநபர் பாலிசி வண்டியைத் தெரிந்தே வேலைக்கு எடுத்தால், வணிகப் பயன்பாட்டுக்கான இன்சூரன்ஸை அந்த நிறுவனமே எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி.

சட்டம் வந்தாலும் என் வழக்குக்கு அது பின்தேதியிட்டுப் பொருந்தாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நிறைவேற்று மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. தவணையில் கட்ட அனுமதி கேட்கப் போகிறேன். மகன் இப்போது வேறொரு ஆப்பில் சேர்ந்திருக்கிறான். அதே வண்டி, அதே வெள்ளை போர்டு. சேரும்போது அவர்களும் இன்சூரன்ஸைப் படம் எடுத்து ஏற்றச் சொன்னார்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர்,
தாம்பரம்