அடுத்த ஆசிரியருக்கு என்ன எழுதித் தருகிறோம்? வகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வகுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ஆண்டு முடிவில் நாம் வகுப்பை ஒப்படைக்கும்போது, பிள்ளைகளைப் பற்றி எழுதித் தரும் குறிப்பைக் குறித்தே இந்த மடல்.

மூன்றாம் வகுப்பை நான் ஏற்றபோது, ஒரு பையனின் பெயருக்கு எதிரே 'வாசிப்பு சுமார், கவனம் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை நம்பி அவனை முன்வரிசையில் உட்கார வைத்தேன். உயிரெழுத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். பாடத்தைப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். அவன் முத்துமுத்தாக எழுதி வந்தான். பாடத்தை வாசிக்கச் சொன்னால் கடகடவென்று ஒப்பித்தும் விடுவான். இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

ஒருநாள் அவன் வாசிக்கும்போது விரலைக் கவனித்தேன். குரல் நான்காவது வரியில் இருந்தது. விரல் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே பாடம் முழுவதையும் அவன் மனத்தில் ஏற்றியிருந்தான். அன்று மாலை, பாடநூலில் இல்லாத இருபது சொற்களைத் தாளில் எழுதி நீட்டினேன். 'படகு', 'மாடி', 'கிளி', 'குடம்' எல்லாம் சரியாக வந்தன. 'கொடி' மட்டும் ஒருமுறை 'கெடி' ஆனது, மறுமுறை 'காடி' ஆனது. 'கோழி'யைக் 'கேழி' என்றான்.

அவன் தடுமாறிய இடம் அது ஒன்றுதான். 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து ஒன்று. இடமிருந்து வலமாகக் கண்ணில் பட்டதைப் பட்டபடி ஒலிக்கும் பிள்ளை, கொம்பை மட்டும் பிடித்தால் 'கெ' என்பான், காலை மட்டும் பிடித்தால் 'கா' என்பான். இதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தது எவ்வளவு பெரிய அநியாயம்! உயிரெழுத்தை மறுபடி சொல்லிக்கொடுத்ததாலும் பயனில்லை, அது அவனுக்கு முன்பே தெரியும். பார்த்து எழுத வைத்ததும் வீண். எழுத்தின் வடிவத்தை வரைவதற்கு ஒலி தேவையில்லையே.

பயன்பட்டது இரண்டு சிறு அட்டைகள். கொம்பையும் காலையும் மூடி, நடுவில் உள்ள 'க'வை மட்டும் காட்டுவேன். அவன் அதைச் சொன்னதும், இரண்டு அட்டைகளையும் ஒரே நேரத்தில் எடுப்பேன். 'கொ' என்பான். நாளுக்கு ஐந்து சொற்கள்தான். ஆறு வாரத்தில் தனிச்சொற்கள் சரியாயின. நீண்ட வாக்கியத்தில் வேகம் கூடினால் இன்னும் சில இடங்களில் தவறுகிறது.

அவனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இது: "ஒருமுறை கேட்ட கதையை நிகழ்ச்சி மாறாமல் திரும்பச் சொல்வான். மனக்கணக்கில் வேகம். ஒகர, ஓகார எழுத்துகள் வரும் சொற்களில் கொம்பையோ காலையோ விட்டுவிடுகிறான். அட்டையால் மூடித் திறந்து காட்டினால் தானே திருத்திக்கொள்கிறான். பார்த்து எழுதச் சொல்வது பயன் தரவில்லை. பழகிய பாடத்தை வைத்து வாசிப்பைச் சோதிக்க வேண்டாம், மனப்பாடமாகச் சொல்லிவிடுவான். விடுமுறையில் கொஞ்சம் மறந்திருக்கலாம், முதல் வாரமே புதுச்சொற்களைக் கொடுத்துப் பாருங்கள்."

ஏழு வாக்கியங்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் இப்படி எழுத நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் ஏழு தேவையில்லை. பலருக்கு இரண்டு வாக்கியம் போதும்: எது நன்றாக வருகிறது, எந்த இடத்தில் உதவி வேண்டும். என்ன செய்து பார்த்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை உதவி அதிகம் தேவைப்படும் ஐந்தாறு பேருக்காவது எழுதுங்கள். பலிக்காததையும் எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. இல்லையென்றால் அடுத்தவரும் அதே இரண்டு மாதத்தை இழப்பார்.

பழைய குறிப்பைப் படித்தால் பிள்ளையைப் பற்றி முன்முடிவு வந்துவிடும் என்று சிலர் அதைத் திறப்பதே இல்லை. அந்த அச்சம் நியாயமானது. 'சோம்பேறி', 'முரடன்', 'மந்தம்' என்று எழுதினால் முன்முடிவு வரத்தான் செய்யும். "எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள், வாய்மொழியாகக் கேட்டால் முழு விடையும் சொல்கிறாள்" என்று கண்டதைக் கண்டபடி எழுதினால், படிப்பவர் தானே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுச் சண்டை, பெற்றோரின் கடன் போன்றவற்றைத் தாளில் ஏற்றாதீர்கள். பிள்ளையின் பாதுகாப்புக்குத் தெரிந்தாக வேண்டியது இருந்தால், தலைமையாசிரியருக்கும் அடுத்த ஆசிரியருக்கும் நேரில் சொல்லுங்கள்.

குறிப்பைப் பெறுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு மாதம் கழித்து, அதை எழுதியவரிடம் போய், எது சரியாக இருந்தது, எது மாறிவிட்டது என்று சொல்லுங்கள். அந்தப் பையனின் புதிய ஆசிரியர் என்னிடம் வந்து, "அட்டை இப்போது தேவைப்படவில்லை, ஆனால் 'கௌ'வில் தடுமாறுகிறான்" என்றார். 'கௌ'வை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. இந்த ஆண்டு என் சொற்பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வகுப்பாசிரியர்