வீட்டுச் சாவி ஒப்படைப்பு: தேதி மாற்றம்

அண்ணன், அண்ணி, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

ஜனவரி 10 அன்று தருவதாகச் சொன்ன வீட்டுச் சாவியை ஜனவரி 31 அன்றுதான் தர முடியும். வருந்துகிறேன்.

நவம்பர் 12-இல் போடவிருந்த மாடித் தளக் கான்கிரீட்டை, தொடர் மழையால் 22-இல்தான் போட முடிந்தது. ஹால் அகலம் 4.5 மீட்டருக்கு மேல் என்பதால் முட்டுகளை 14 நாள் கழித்தே, டிசம்பர் 6-இல் பிரிப்போம். முன்னதாகப் பிரித்தால் தளம் நடுவில் தொய்ந்து விரிசல் விடும். இதில் ஒரு நாள்கூடக் குறைக்க எனக்குச் சம்மதமில்லை.

உள்பூச்சு டிசம்பர் 20-க்குள் முடியும். ஈரச் சுவரில் பட்டி பார்த்தால் பெயின்ட் உரிந்துவிடும். இந்தக் குளிரில் சுவர் மெதுவாகத்தான் காயும் என்பதால் பட்டி, பெயின்ட் வேலை பொங்கல் முடிந்ததும் தொடங்கும்.

பால் காய்ச்ச பிப்ரவரியில் நாள் பாருங்கள். வாடகை வீட்டு ஓனரிடமும் அதற்கேற்பச் சொல்லிவிடுங்கள் அண்ணா.