கயலுக்கு: படம் பாதி ஆகியிருக்கிறது

சிவகாசி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய அக்ரிலிக் டியூப்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒன்றும் உடையவில்லை, கசியவில்லை. உள்ளே சீட்டு ஏதாவது இருக்குமோ என்று உன் அம்மா அட்டைப்பெட்டியின் மடிப்பையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். வேலை அவசரத்தில் மறந்திருப்பாய் என்று நான்தான் சொன்னேன். இங்கே எல்லோரும் நலம். ராஜபாளையத்துச் சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். படம் எப்படி வருகிறது என்று அன்றைக்குக் கேட்டாயே, அதைப் போனில் விளக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

உன் போட்டோவைத்தான் புள்ளி வைத்து வரைகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மாடியில் எடுத்தது, இலைப்பச்சைச் சேலையில். ரிசப்ஷன் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன என்று அம்மா எடுத்துக்கொடுத்தாள். ஆனால் அவை எல்லாம் நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தவை. முகத்தில் நிழலே இல்லை, தட்டையாக இருக்கிறது. புள்ளிப் படத்துக்குக் கோடு கிடையாது. வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் பிரிந்து தெரிந்தால்தான் மூக்கு மூக்காக நிற்கும். மாடிப் படத்தில் சாயங்கால வெயில் உன் இடது கன்னத்தில் மட்டும் விழுகிறது. அதனால் அதை எடுத்தேன். புதிய போட்டோவும் என்னிடம் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் நீ கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். இருக்கலாம்.

அட்டை முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர். ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் குறுக்கே 120, நெடுக்கே 160, மொத்தம் 19,200 புள்ளிகள் கொள்ளும். உன் முகத்தின் அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர் வருகிற மாதிரி தோளுக்குக் கீழே வெட்டிவிட்டேன். ஆக, நாற்பத்தெட்டுப் புள்ளிக்குள் இரண்டு கண்ணும் மூக்கும் வாயும் அடங்க வேண்டும். முழு உருவமும் வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் முகத்துக்குப் பதினைந்து புள்ளிகூடத் தேறாது, யார் என்றே தெரியாது. இப்போதும் இமை முடியெல்லாம் வராது. ஒரு புள்ளியைவிடச் சிறியது எதுவும் இந்த முறையில் கிடையாது. உன் மூக்குத்தி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதைக் கடைசியில் வைப்பதாக இருக்கிறேன்.

நீ அறியாததில்லை, இத்தனை வருஷம் அப்பா பிழைத்ததே புள்ளியில்தான். காலண்டர் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக் என்று நாலு புள்ளிதான். நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ரிஜிஸ்டர் நகர்ந்திருந்தால் எட்டு வயதில் நீ தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாய். பிரஸ்ஸில் எல்லோரும் அதிசயப்படுவார்கள். அந்தக் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்! இப்போது வரைகிறாயா என்று கேட்டால் நேரமில்லை என்கிறாய்.

ஆனால் பிரஸ் புள்ளி வேறு, இந்தப் புள்ளி வேறு. அச்சு மை கண்ணாடி மாதிரி. நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் வெளிச்சம் இரண்டையும் கடந்து போய், பச்சை மட்டும் மிஞ்சித் திரும்பும். பெயிண்ட் புள்ளியை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். அங்கே கண்ணுக்கு வருவது இரண்டு நிறங்களின் சராசரிதான். அல்ட்ராமரைன் நீலத்தையும் லெமன் மஞ்சளையும் சம அளவு புள்ளியாக வைத்துத் தள்ளி நின்று பார். பச்சை வராது, சாம்பல்தான் வரும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் கண்ணுக்குள் பச்சை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஒரு விரற்கடை அட்டையில் வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். உன் சேலைக்குப் பச்சைப் புள்ளியேதான் வேண்டும். பாதிக்குமேல் பச்சை. மீதியில் வெயில் படும் மடிப்புக்கு மஞ்சள்பச்சையும், உள்மடிப்புக்கு நீலப்பச்சையும். அடுத்தடுத்த நிறங்கள் கலந்தால் துலக்கம் அதிகம் குறையாது. எதிரெதிர் நிறங்களைச் சம அளவில் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

அடுத்து தூரம். இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குச் சுத்தமாக மறைய எட்டரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நம் ஹால் அவ்வளவு நீளம் இல்லை. ஆனால் புள்ளி மறைவதற்கு முன்பே நிறம் கலந்துவிடும். வெளிச்சம்–இருட்டு வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிரிக்கிற நம் கண், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நிறத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் பரவாயில்லை, வெளிச்ச அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் மூன்று நான்கு மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் அம்மைத் தழும்பு போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்க, வரைந்த பகுதியை போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்க்கிறேன். எந்தப் புள்ளி தனித்துத் தெரிகிறதோ அது தப்பு. கொஞ்சம் வெள்ளை சேர்த்தோ, அடர்த்தி கூட்டியோ மேலே திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

நேரம் கிடைத்தால் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் வா. ஒரே ஊரில் இருந்துகொண்டு இன்னும் போகவில்லை என்றால் எப்படி? புள்ளி வைத்தே வரைந்த பிரெஞ்சு ஓவியர் சூராவின் ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ அங்கேதான் இருக்கிறது. 1884இல் தொடங்கி 1886இல் முடித்தது. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். வெறும் புள்ளியால் ஆனது என்று நினைத்துவிடாதே. முதலில் தூரிகைத் தீற்றலால் வரைந்துவிட்டு, அதன்மேல்தான் புள்ளிகளை வைத்திருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் அடியில் தீற்றல் தெரியும் என்கிறார்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அடியில் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் சராசரி நிறத்தை மெல்லிசாகப் பூசிவிட்டேன். வெள்ளை அட்டையை அப்படியே விட்டால் இடைவெளியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகக் கணக்கில் சேர்ந்துவிடும், முகம் வெளுத்துப்போகும்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டுச் சொல். புல்வெளியில் அவர் வைத்த பிரகாசமான மஞ்சள் புள்ளிகள் பல இப்போது பழுப்பாக இருக்கும். துத்தநாக மஞ்சள் என்ற சாயம் அது. வரைந்த சில வருஷங்களிலேயே நிறம் மாறத் தொடங்கிவிட்டது. நிறம் கலக்கும் கணக்கு சரியாக இருந்தும் சாயம் காலை வாரிவிட்டது. அதனால்தான் டியூபில் சாயத்தின் பெயரையும் வெளிச்சத்தைத் தாங்குமா என்பதையும் பார்த்து வாங்கச் சொன்னேன். நீயும் சரியாகவே பார்த்து வாங்கியிருக்கிறாய்.

தனியாகப் போக வேண்டாம், மாப்பிள்ளையோடு போய் வா. அவருக்கு வேலை இருந்தால் தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போ. யாரும் இல்லாவிட்டால் தனியாகவே போ, தப்பில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்காதே, அதைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை கூட்டம் இருக்கும், இருக்கட்டும், நாலு பேர் முகத்தைப் பார்க்கலாம்.

இப்போது முகத்துக்கு வந்திருக்கிறேன். வெயில் படும் கன்னத்தில் நூறு புள்ளி என்றால் ஐம்பது வெளிர்ந்த ஆரஞ்சுப் பழுப்பு, இருபத்தைந்து காவி மஞ்சள், பதினைந்து ரோஸ், பத்து வெளிர் ஊதா. ஊதா எதற்கு என்று அம்மா கேட்டாள். வெறும் ஆரஞ்சும் மஞ்சளும் வைத்தால் மஞ்சள் பூசின பொம்மை மாதிரி ஆகிவிடும், ஊதா அதை அடக்குகிறது. நிழல் கன்னத்தில் ஐம்பது செம்பழுப்பு, இருபத்தைந்து அடர் ஊதா, பதினைந்து நீலம், பத்து ஆரஞ்சு. கறுப்பே தொடவில்லை. நீலம் இருபதைத் தாண்டினால் தோல் சாம்பல் பூத்து, காய்ச்சல்காரி மாதிரி ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கு உன் நிறத்துக்கு மட்டும்தான். வேறு முகத்துக்கு வேறு சோதனைத் துண்டு போட வேண்டும்.

ஒரு நிறத்தை முதலில் முகம் முழுக்க அங்கங்கே தூவினாற்போல வைத்து, காயவிட்டு, பிறகு அடுத்த நிறத்தை இடைவெளிகளில் வைக்கிறேன். ஈரத்தோடு தொட்டால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும். வரிசையாகவும் வைக்கக்கூடாது, தூரத்தில் கோடு கோடாகத் தெரியும். பிரஸ்ஸில் ஒவ்வொரு நிறத்தின் ஸ்கிரீனையும் வேறு வேறு கோணத்தில் திருப்பி வைப்பதும் இந்த மாதிரித் தொல்லைகளைத் தவிர்க்கத்தான். கையால் செய்யும்போது கோணம் கிடையாது. ஒழுங்கில்லாமல் வைப்பதற்குக் கவனம் வேண்டியிருக்கிறது. கிட்டே இருந்து வைக்கும்போது ஒன்றுமே தெரியாது. அடிக்கடி எழுந்து பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று அம்மா திட்டுகிறாள், நீ கவலைப்படாதே.

உன் கண்கள் மட்டும் இன்னும் வரவில்லை கயல். அடிப்பூச்சோடு அப்படியே நிற்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தின முகத்தைப் பார்த்து இந்த வருஷத்து முகத்தை எப்படி வைப்பது? மெலிந்திருக்கிறாயா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. தை மாதம் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து புள்ளி வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்வதெல்லாம் அதனால்தான். எந்த நேரமும் நீ கிளம்பி வரலாம். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வராவிட்டாலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நில், இடது கன்னத்தில் வெளிச்சம் விழட்டும். ஃபிளாஷ் வேண்டாம், போனில் முகத்தை வழவழப்பாக்குகிற வசதியை அணைத்துவிடு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, நுணுக்கம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பு. சிரிக்க வேண்டும் என்றில்லை. எப்படி இருக்கிறாயோ அப்படியே எடு.

அன்புடன்,
அப்பா

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் அடுத்த வாரம் பார்சல் போடுகிறாள் அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளை டியூப் சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது, இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், அதற்காகச் செலவு செய்யாதே.