"இஸ் இட்?" என்று எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வேலை பார்க்கும் நம் இளையர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் யார் எந்தச் செய்தி சொன்னாலும் நாம் "இஸ் இட்?" என்கிறோம். அவள் வேலையை விட்டுவிட்டாள் என்றாலும், அவர்கள் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாலும் அதே பதில்தான். தமிழில் "அப்படியா", மலாயில் "யா கே", மாண்டரினில் "ஷி மா" என்று நம்மைச் சுற்றி ஒலிக்கும் எதுவும் ஆளுக்கோ காலத்துக்கோ ஏற்ப மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் நாம் அப்படியே பேசுவது இயல்பு. நேரில் பேசும்போது குரலே பொருளைச் சொல்லிவிடும். தாழ்த்திச் சொன்னால் "சரி, கேட்டுக்கொண்டேன்". உயர்த்தி இழுத்தால் வியப்பு. எழுத்தில் அந்தக் குரல் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொது ஆங்கிலத்தில் இந்தப் பதில், சொன்னவரின் வாக்கியத்திலிருந்தே வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளும். அவள் விலகிவிட்டாள் என்றால் "ஹேஸ் ஷி?", அவர்கள் நேற்றுப் போனார்கள் என்றால் "டிட் தே?". மான்செஸ்டரில் இருக்கும் ஒருவர் "பெட்டிகள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டன" என்று எழுதுகிறார், நம்மவர் "இஸ் இட்?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகள் பல, கிளம்பியதோ முடிந்த செயல். "இட்" எதைக் குறிக்கிறது என்று அவர் தேடுவார். "எதைக் கேட்கிறீர்கள்?" என்று மாலையில் அவர் பதில் போடும்போது, ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தில் இங்கே நள்ளிரவு ஆகியிருக்கும். ஒரு நாள் போய்விடும். ஆனாலும் இது சிறிய தொல்லைதான். ஏதோ பிசகியிருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிகிறது.

பெரிய ஆபத்து, "இஸ் இட்?" இலக்கணத்துக்குச் சரியாகப் பொருந்திவிடும் இடத்தில் இருக்கிறது. அதே வாடிக்கையாளர் "இதுதான் எங்கள் கடைசி விலை" என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லே "இஸ்". அதற்கு "இஸ் இட்?" என்று பதில் போனால் அதில் எந்தப் பிழையும் தெரியாது. இது சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கு என்று அவர் ஊகிக்கவும் வழியில்லை. "நிஜமாகவே கடைசி விலைதானா?" என்று சந்தேகிப்பதாகவே படிப்பார். நாம் சொல்ல நினைத்தது "சரி, தெரிந்துகொண்டேன்" என்பது மட்டும். அடுத்த மின்னஞ்சல் "ஏற்கெனவே சொன்னதுபோல" என்று தொடங்கினாலோ, நாம் கேட்காமலேயே விலைப்பட்டியலும் ஆதாரமும் வந்து சேர்ந்தாலோ இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். உடனே ஒரு வரி விளக்கம் அனுப்பிவிடுவது நல்லது.

வாக்கியத்தின் வாலில் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். "யூ வான்ட் டு கேன்சல், இஸ் இட்?" என்பது நமக்கு வெறும் உறுதிப்படுத்தல். பிரிட்டிஷ் காதுக்கோ, "ஓகோ, ரத்து செய்யப் பார்க்கிறீர்களா?" என்று குற்றம் கண்டுபிடித்த தொனி அதில் கேட்கக்கூடும். "டு யூ வான்ட் டு கேன்சல்?" என்று நேராகக் கேட்டால் போதும்.

அப்படியானால் "டிட் தே?", "ஹேஸ் ஷி?" என்று மாற்றி எழுதினால் தீருமா? இலக்கணம் சரியாகும், ஆனால் அவையும் பேச்சுக்கே உரியவை. தனியாக எழுதினால் சந்தேகத்தின் சாயல் முழுதும் போகாது. எழுத்தில் எண்ணத்தையே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. செய்தியை ஏற்றுக்கொண்டால் "நன்றி, இது எனக்குத் தெரியாது". வியப்பு என்றால் "திங்கட்கிழமைதான் கிளம்பும் என்று நினைத்திருந்தேன்". உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், எந்தப் பெட்டி, எந்தத் தேதி என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

எல்லா நாட்டாரும் குழம்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் எந்தச் செய்திக்கும் "இஸ் இட்?" என்றே பதில் சொல்லும் வழக்கம் உண்டு. இந்தியாவிலும் இது பலருக்குப் பழகியதுதான். ஆகவே நம் பிள்ளைகள் வீட்டிலும் நண்பர்களிடமும் இப்படிப் பேசுவதைத் தவறு என்று தட்டிவைப்பது தேவையற்றது. யாருக்கு எழுதுகிறோம் என்று பார்க்கப் பழக்கினால் போதும்.

நம் சிறுகதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாத்திரத்தின் வாயிலிருந்து "இஸ் இட்?" என்பதை நீக்கிவிடாதீர்கள், அது இவ்வூர்ப் பேச்சு. அப்படிச் சொன்னவர் தான் கேட்ட செய்தியை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை அடுத்த வரியில் காட்டுங்கள். தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் கலக்குகிறாரா, அல்லது நாற்காலியை இழுத்துப்போட்டு "யார் சொன்னது?" என்கிறாரா என்று தெரிந்தால், லண்டன் வாசகருக்கும் பொருள் பிடிபட்டுவிடும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்