கட்டுரை வினாவை நீக்காதீர்கள்

வன்னியில் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும் தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம். தரம் 9 தாளிலிருந்து கட்டுரையை எடுத்துவிட்டு, அதற்குரிய 20 புள்ளிகளையும் பல்தேர்வு வினாக்களுக்குக் கொடுக்கும் யோசனையை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

உங்கள் காரணம் நியாயமானது. ‘எங்கள் ஊர்க் குளம்’ என்று எழுதிய ஒரு பிள்ளையின் தாளுக்கு ஒருவர் 9 போட்டார், மற்றவர் 15 போட்டார். “குளம் வான் பாய்ஞ்சு ரோட்டால தண்ணி போச்சு” என்ற வரியைப் பேச்சுவழக்கு என்று முதலாமவர் வெட்டினார். கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறது என்று மற்றவர் புள்ளி கொடுத்தார். திருத்துபவரைப் பொறுத்துப் புள்ளி மாறினால் அந்தப் புள்ளியில் நம்பகம் இல்லை. நம்பகமே இல்லாத புள்ளி பிள்ளையின் எழுத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

பல்தேர்வில் இந்தச் சிக்கல் தீரும். யார் திருத்தினாலும் ஒரே புள்ளிதான். ஆனால் பிழையான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பத்து வாக்கியங்களைக் கோத்து ஒரு விடயத்தைச் சொல்லவும் தெரியும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. எழுத்தாற்றலை அளப்பதாகச் சொல்லிவிட்டு வாசிப்பையும் இலக்கண அறிவையும் அளக்கிறோம். ஏற்புடைமை அங்கேயே போய்விடுகிறது. பரீட்சையில் வராததை வகுப்பிலும் மெல்லக் கைவிடுவோம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கட்டுரையை வைத்துக்கொண்டு புள்ளித்திட்டத்தை இறுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பழமொழிக்கு 2, உவமைக்கு 2, பந்திக்கு ஒன்று என்று எண்ணிப் போட்டால் திருத்துபவர்கள் ஒத்துப்போவார்கள். ஆனால் பாடமாக்கி வந்த கட்டுரை 17 எடுக்கும், வான் பாய்ந்ததை எழுதிய பிள்ளை 8இல் நிற்கும். நம்பகம் ஏறுகிற அதே இடத்தில் ஏற்புடைமை இறங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருவர் ஒரே புள்ளி போட்டாலும் ஒரு தலைப்பு போதாது. குளத்தைப் பற்றி நன்றாக எழுதும் பிள்ளை கடிதத்தில் தடுமாறலாம். ஆகவே நீண்ட கட்டுரை ஒன்றுக்குப் பதிலாக, வெவ்வேறு வகையில் இரண்டு சிறிய ஆக்கங்களைத் தாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. கருத்துக்கு 4, ஒழுங்குக்கு 3, மொழிக்கு 3 என்று பிரித்தால் போதும். பேச்சுவழக்கு வந்தால் மொழிப் புள்ளியில் மட்டும் குறையட்டும், கருத்தைத் தொடக்கூடாது. திருத்தத் தொடங்குமுன் நல்லது, நடுத்தரம், பலவீனம் என மூன்று விடைகளை எல்லோரும் தனித்தனியே திருத்தி, 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணத்தைப் பேசித் தீர்க்கட்டும். பிறகு ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை, முதல் புள்ளியை மறைத்து, வேறொருவர் திருத்தட்டும்.

இப்படிச் செய்தாலும் பல்தேர்வின் அளவுக்கு நம்பகம் வராது. தவணைப் பரீட்சைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. திருத்தத்துக்கு முன்னால் ஓர் அரை நாளை இதற்கென ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை