ஓடும்போது லொறி, நின்றால் யாருக்கும் சொந்தமில்லை: காப்புறுதிக் கொம்பனிகளின் மலையகக் கிளை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர்களுக்கு,

அட்டன் – நுவரெலியா வீதியில், சென்கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவுக்குக் கிட்ட டிமோ பட்டா ஒன்றில் கொத்து, ரொட்டி, பிளேன்டீ விற்பவன் நான். லீசிங்கில் எடுத்த வண்டி என்பதால் முதல் நாளிலிருந்தே அதற்குப் புல் இன்சூரன்ஸ் இருந்தது. போன தை மாதம் வண்டி தீப்பிடித்த பிறகுதான் அந்தப் பொலிசியை முதல் தடவையாக வரிவரியாக வாசித்தேன். எனக்குப் பணம் தந்தது எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கொம்பனியின் குணத்தைப் பற்றி எழுதவில்லை, உங்கள் எல்லோரது படிவங்களிலும் இருக்கும் ஓட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மாலை ஆறு மணி, பனி இறங்கி எதிர்ப்பக்கம் தெரியவில்லை. ஒரே 12.5 கிலோ சிலிண்டரில் ரொட்டிக் கல்லும் தேநீர் அடுப்பும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தக் குளிரில் சிலிண்டர் என்ன செய்யும் என்பது கொழும்பில் பொலிசி எழுதுபவர்களுக்குத் தெரிந்திருக்காது. நமக்குக் கிடைக்கும் காஸில் பெரும்பகுதி பியூட்டேன். அது சுமார் பூச்சியம் பாகை வெப்பநிலையில்தான் கொதித்து ஆவியாகும். இரண்டு அடுப்பு சேர்ந்து இழுக்கும்போது சிலிண்டர் தன் சூட்டையே இழந்து, வெளியே வெள்ளையாக உறைபனி பூக்கும். அழுத்தம் விழும், சுவாலை சுருங்கும். உள்ளே பாதி காஸ் இருந்தாலும் முடிந்துவிட்டது போலத்தான் தெரியும்.

உதவிக்கு நிற்கும் என் மச்சினன், ஊரில் எல்லோரும் செய்வது போல, ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி சிலிண்டரை அதற்குள் தூக்கி வைத்தான். தூக்கிய இழுப்பில் ஹோஸ், ரெகுலேட்டர் பக்கக் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கிறது. தினமும் வளைவுகளில் ஆடி ஆடி அந்தக் கிளிப் முன்னமே தளர்ந்திருக்க வேண்டும். குளிருக்காகப் பக்கக் கதவையும் பாதி இறக்கியிருந்தோம். காஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, தரையில் தண்ணீர் போலத் தேங்கும். வண்டியின் பின்பக்கம் பூட்டிய என் சமையல் பெட்டியில் காற்றோட்டத் துளைகள் எல்லாம் கூரைக்குக் கிட்டத்தான் இருந்தன, தரை மட்டத்தில் ஒன்றுகூட இல்லை. தேநீர் அடுப்பின் நெருப்பு கீழே இறங்கிப் பிடித்தது. மச்சினனுக்குக் காலில் காயம். படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா பதறி எழும்ப, கேத்தல் கவிழ்ந்து கையில் கொதிநீர் பட்டது.

இனி கணக்கு. பொலிசியில் வண்டியின் காப்புறுதித் தொகை 18 லட்சம். வந்த மதிப்பீட்டாளர், சமையல் பெட்டியோடு சேர்த்து வண்டியின் சந்தைப் பெறுமதி 24 லட்சம் என்றார். ஆகவே நான் முக்கால் பங்குக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறேன், நட்டத்திலும் முக்கால் பங்குதான் கிடைக்கும் என்றார்கள். தளம், வயரிங், பின்பகுதி திருத்தச் செலவு 320,000 ரூபாய். அதில் முக்கால் 240,000. நான் ஏற்க வேண்டிய முதல் 25,000 ரூபாயைக் கழித்து 215,000 தந்தார்கள். எரிந்த சமையல் பெட்டிக்கு எதுவுமில்லை, அது பொலிசியில் அறிவிக்கப்படாத மாற்றமாம்.

கவனியுங்கள். பெறுமதியைக் கூட்டும்போது பெட்டி உள்ளே, நட்டத்தைக் கூட்டும்போது பெட்டி வெளியே. பெட்டி இல்லாமல் என் வண்டி 18 லட்சம்தான் பெறும், அந்தத் தொகைக்குத்தான் காப்புறுதியும் இருந்தது. அப்படிப் பார்த்தால் 295,000 வந்திருக்க வேண்டும். பெட்டியைச் சேர்ப்பதென்றால் இரண்டு பக்கமும் சேருங்கள், விடுவதென்றால் இரண்டு பக்கமும் விடுங்கள்.

என் பிழையையும் சொல்கிறேன். பாவனை என்ற இடத்தில் 'சொந்தப் பொருட்கள் ஏற்ற' என்று முகவர் குறித்தார், ஆங்கிலப் படிவத்தில் நான் கையெழுத்து வைத்தேன். உள்ளதை மறைத்தால் காப்புறுதி நிற்காது என்பது பழைய விதி. அதைப் பிடித்து முழுவதையும் மறுத்திருக்கவும் முடியும். ஆனால் பெட்டி பூட்டிய அதே வண்டியை உங்கள் அலுவலக வாசலில் நிறுத்திப் படம் எடுத்துத்தான் இரண்டாம் வருடம் புதுப்பித்தீர்கள். பக்கத்தில் 'கொத்து' என்று அரை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

குளிர்பெட்டி, ரொட்டிக் கல், சின்ன ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 275,000 ரூபாய். வாகனப் பொலிசி அவை வண்டியின் பாகமல்ல என்றது. வீட்டோடு இருக்கும் சமையலறைக்குத் தீக் காப்புறுதி வைத்திருந்தேன், அங்கே கேட்டேன். பொலிசியில் எழுதிய முகவரிக்குள் எரிந்தால்தான் தருவோம் என்றார்கள். வண்டிக்கு முகவரி ஏது?

அந்த அக்காவின் மருத்துவச் செலவையும் நான்தான் கட்டினேன். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது வண்டி வீதியில் போகும்போது செய்யும் விபத்துக்கு, நிறுத்தி வைத்துத் தொழில் கருவியாக நடத்தும்போது வருவதற்கல்ல என்றார்கள். வாடிக்கையாளருக்குத் தனியாகப் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். சாப்பாட்டில் நஞ்சேறினால் அதற்கும் அந்தப் பொலிசியில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். மச்சினன் சம்பளத்துக்கு நிற்பவன் என்பதால் அதிலும் சேரமாட்டான், அவனுக்கு வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி. இந்த மூன்றையும் எரிந்த பிறகுதான் உங்கள் கவுன்டரில் கற்றுக்கொண்டேன்.

ஆகவே கேட்பது இதுதான். நடமாடும் உணவகத்துக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே முன்மொழிவுப் படிவம் வையுங்கள். அதில் வெறும் வண்டி, பூட்டிய பெட்டி, உள்ளே உள்ள சாமான்கள் மூன்றையும் தனித்தனித் தொகையாகக் கேளுங்கள். வண்டி நின்று சமைக்கும்போதும் காப்புறுதி செல்லும் என்று ஒரு வரி எழுதுங்கள். வாடிக்கையாளர் பொறுப்பு வண்டியிலிருந்து எத்தனை அடி தூரம் வரை என்பதையும் சொல்லுங்கள். நம்மவர்கள் பிளாஸ்டிக் கதிரைகளை வீதியோரம் வரை போடுகிறார்கள்.

காஸ் விஷயத்தில் 'நியாயமான கவனம் எடுக்க வேண்டும்' என்ற பொதுவான வரி யாருக்கும் உதவாது. 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு உங்களுக்குப் பயம் இருக்கும், அது புரிகிறது. பயத்தை நிபந்தனையாக எழுதுங்கள், செய்து காட்டுகிறோம்: சிலிண்டர் நிமிர்ந்து, பட்டியால் கட்டி, அடுப்பிலிருந்து தடுத்த தனி அறையில், அந்த அறையின் தரையோடு வெளியே திறக்கும் துளை, வண்டி நகர முன் ரெகுலேட்டரைக் கழற்றுவது, மாற்றும் ஒவ்வொரு தடவையும் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. சுடுதண்ணீர் வைக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். ஆனால் அதோடு, இரண்டு அடுப்புக்கு இரண்டு சிலிண்டர் வைக்க அனுமதியுங்கள். இழுப்பு பிரிந்தால் உறைபனியும் குறையும், பேசினும் தேவைப்படாது. ஒரு வண்டிக்கு ஒரு சிலிண்டர்தான் என்று அண்மையில் ஒரு கிளையில் சொன்னார்கள். இந்த மலையில் அந்த விதிதான் பேசினைக் கொண்டுவருகிறது.

அடுத்த மாதம் என் பொலிசி புதுப்பிக்க வேண்டும். புதுப் பெட்டி கட்டிய பற்றுச்சீட்டு, சாமான் பட்டியல், தரைத் துளை தெரியும் படங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொடுத்த மாற்ற விண்ணப்பத்தின் பிரதி எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. முதலில் பதில் தரும் கிளைக்கு வண்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்து நடமாடும் உணவகக்காரன் ஒருவன்